38 கேள்விக்கு ஒரே பதிலா?

போன வாரம் மறுபடியும் ஒரு அழைப்பு. "நாங்க அப்படிச் சொல்லவே இல்லைங்க. ஆனா மினிட்ஸ்ல அப்படித்தான் இருக்கு. ஊழியர்கள் அதை நீட்டி நீட்டிக் கேக்கறாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." இந்த வருஷத்தில் இது நான்காவது. கூட்டக் குறிப்பு எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைச் சரிசெய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. நான்கு முறையும் கோளாறு ஒரே இடத்தில்தான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அழைத்த நிறுவனம் தன் இரண்டு அலுவலகங்களை ஒரே புதிய வளாகத்துக்கு மாற்றப் போகிறது. அதை அறிவிக்க, ஊழியர்கள் எல்லோருக்குமான டவுன்ஹால் கூட்டம், இணையவழியில். 600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கேள்விப் பெட்டியில் 187 பதிவுகள். குறிப்பு எழுதியவர் அவற்றை ஏழு தலைப்பில் அடுக்கி, தலைப்புக்கு ஒரு பத்தி எழுதி, இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டார். 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழே இருந்தது இவ்வளவுதான்: "போக்குவரத்து குறித்துப் பலரும் கேட்டனர். நிறுவனம் பேருந்து வசதி செய்து தரும் என்று தலைவர் தெரிவித்தார்."

ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்த்தேன். தலைவர் சொன்னது இது: "காலையிலயும் சாயங்காலமும் பஸ் விட ஏற்பாடு பண்ணிட்டு இருக்கோம். நைட் ஷிப்ட்டுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவாகலை, ரெண்டு வாரத்துல சொல்றோம்." இரவு 11 மணிக்கு வேலை முடித்து இறங்குகிறவர் குறிப்பில் அந்த ஒற்றை வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? தனக்கும் பேருந்து உண்டு என்றுதான் நினைப்பார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கேள்விகளைத் தலைப்புவாரியாகத் தொகுக்கச் சொன்னால், சுருக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். தொகுப்பது வேறு, சுருக்குவது வேறு. தலைப்பு என்பது படிப்பவர் தனக்கு வேண்டியதைத் தேடி எடுக்க ஒரு வசதி, அவ்வளவுதான். அலமாரியில் தட்டு மாதிரி. சட்டையை எல்லாம் ஒரே தட்டில் வைக்கலாம். ஒரே தட்டில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சட்டையாகத் தைத்துவிடுவீர்களா? குறிப்பில் பதிவாக வேண்டியது தலைப்பு இல்லை, கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் தனி வரி, தனி பதில், தனி நிலை.

"அப்போ 187-ஐயும் அப்படியே போடச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. சேர்க்க வேண்டியதைச் சேர்க்கத்தான் வேண்டும். எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. மேடையில் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு மூலக் கேள்விக்கும் எதிரே வாய்விட்டுப் படியுங்கள். கேட்டவர் உட்கார்ந்துவிடுவாரா, இல்லை நின்றுகொண்டே இருப்பாரா? எல்லோரும் உட்கார்ந்தால் அது ஒரே கேள்வி. ஒருவர் நின்றாலும் அவருடையது வேறு கேள்வி.

இந்தக் கூட்டத்துக் கேள்விகளிலேயே பார்க்கலாம். "பஸ் விடுவீங்களா?", "போக்குவரத்து ஏற்பாடு செய்யப்படுமா?", "அவ்ளோ தூரம் எப்படி வர்றது, வண்டி இருக்கா?" — மூன்றிலும் சொற்கள் வேறு. "காலையும் மாலையும் பேருந்து ஏற்பாடாகி வருகிறது" என்று சொன்னால் மூவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே ஒரே கேள்வி. "நைட் ஷிப்ட் முடிச்சவங்களுக்கு பஸ் உண்டா?" என்பதிலும் முதல் கேள்வியில் இருக்கும் அதே 'பஸ்' இருக்கிறது. ஆனால் அதே பதிலைப் படித்துக் காட்டினால் இவர் நின்றுகொண்டே இருப்பார். எக்செலில் 'பஸ்' என்று தேடி, வந்த வரிகளை எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டினால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

போக்குவரத்து என்று ஒதுக்கியிருந்த கேள்விகள் 38. மறுபடி பிரித்தபோது, பேருந்து உண்டா என்று மட்டும் கேட்டவை 21. இரவுப் பணி பற்றி 6. கட்டணம் யார் கொடுப்பது என்று 7. எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று 3. மிச்சம் ஒன்று: "சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறும்படியான பேருந்தா?" கேட்டவர் ஒருவர்தான். மற்றவர்கள் யாரும் அதற்கு விருப்பக்குறி போடவில்லை, மேடையிலும் யாரும் வாசிக்கவில்லை. அதிகம் பேர் கேட்டதை மட்டும் எழுதினால் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன். எண்ணிக்கை எத்தனை பேருக்கு அக்கறை என்பதைச் சொல்லும். ஒருவருக்கு அது எவ்வளவு தலைபோகிற விஷயம் என்பதைச் சொல்லாது.

கட்டணம் பற்றிய 7 கேள்விகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவற்றிலும் 'பஸ்' என்ற சொல் இருந்ததால் போக்குவரத்தில் விழுந்துவிட்டன. ஆனால் கூட்டத்தில் அதற்குப் பதில் சொன்னவர் நிதித் துறைத் தலைவர், அதுவும் ஊதியமும் படிகளும் பற்றிப் பேசும்போது, 20 நிமிடம் கழித்து. குறிப்பு எழுதியவர் போக்குவரத்துப் பகுதியோடு கேட்பதை நிறுத்திக்கொண்டதால், அந்த 7 கேள்விக்கும் பதிலே வராத மாதிரி ஆகிவிட்டது. அதனால் நான் கேள்வியில் எந்தச் சொல் வருகிறது என்று பார்ப்பதில்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்று பார்த்துத்தான் தலைப்பு பிரிக்கிறேன். ஒரு தலைப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். இருவர் பெயர் வந்தால் அது அநேகமாக இரண்டு தலைப்பு. 'இதர' என்ற தலைப்புக்கு யாருமே பொறுப்பில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் போடுவது கிணற்றில் போடுவது போல. நாலைந்து கேள்விக்கு மேல் அதில் சேர்ந்தால் மறுபடி உட்கார்ந்து பிரியுங்கள்.

கணக்கும் பொருந்தி வர வேண்டும். 187 பதிவுகளில் 26 கேள்வியே இல்லை. வணக்கம், நன்றி, "குரல் கேக்கலை" வகையறா. (கைதட்டும் பொம்மைகளைக்கூடக் கேள்விக் கணக்கில் சேர்த்த குறிப்பு ஒன்றை நான் பார்த்ததுண்டு.) மிச்சம் 161. அவற்றில் 9 பதிவுகளில் இரண்டிரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்ததும் 170. பதில் வரவில்லை என்று அதே ஆட்களே திரும்பத் திரும்பப் போட்டவை 14. அவற்றைக் கழித்தால் 156. ஏழு தலைப்பின் கேள்விகளையும் கூட்டினால் 156 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒருவருடைய கேள்வி கீழே விழுந்துவிட்டது. இந்தக் கணக்கைக் குறிப்பின் தலையிலேயே மூன்று வரியில் போட்டுவிடுங்கள். "என் கேள்வி எங்கே?" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

திருத்திய குறிப்பில் அந்தப் பகுதி இப்படி ஆனது:

போக்குவரத்து — 31 கேள்விகள்
1. நிறுவனப் பேருந்து இயங்குமா? (21 பேர்) காலையிலும் மாலையிலும் இயக்க ஏற்பாடு நடந்துவருவதாகத் தலைவர் கூறினார். நிலை: பதிலளிக்கப்பட்டது.
2. இரவுப் பணி முடிப்பவர்களுக்குப் பேருந்து உண்டா? (6 பேர்) முடிவாகவில்லை. இரண்டு வாரத்தில் தெரிவிப்பதாகத் தலைவர் கூறினார். நிலை: நிலுவையில்.
3. நிறுத்தங்கள் எவை? (3 பேர்) பட்டியல் மின்னஞ்சலில் அனுப்பப்படும் என நிர்வாகத் துறை கூறியது. நிலை: நிலுவையில்.
4. சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறக்கூடிய பேருந்தா? (1 நபர்) நிலை: கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நிலுவையில் உள்ளவற்றுக்குப் பொறுப்பாளரின் பதவியும் தேதியும் பக்கத்திலேயே இருந்தன, இங்கே அவற்றை விட்டுவிட்டேன். 'இரண்டு வாரம்' என்று மட்டும் எழுதினால், படிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு வாரம் வேறு நாளில் தொடங்கும்.

நான்காவது வரியைப் பார்த்து அங்கே முகம் சுளித்தார்கள். "இது நம்மளைக் கேவலமா காட்டுது, எடுத்துடலாமா?" என்றார் ஒருவர். கேள்வி வந்தது உண்மை, பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை. இரண்டும் குறிப்பில் இருக்கத்தான் வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு விசாரித்துப் பதில் எழுத நினைத்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் "கூட்டத்துக்குப் பின் தரப்பட்ட பதில்" என்று தேதியோடு தனியாக எழுதுங்கள். மேடையில் சொன்னது போல் நுழைக்காதீர்கள்.

வினைச்சொல்லில் கை வைக்காதீர்கள். 'பார்க்கிறோம்' என்றால் 'பார்க்கிறோம்' என்றே எழுதுங்கள். அது 'பரிசீலிக்கப்படும்' ஆகி, அடுத்த வரைவில் 'செய்யப்படும்' ஆகி, மூன்றாவது கைக்குப் போகும்போது வாக்குறுதியாக நிற்கிறது. இந்த வழக்கிலும் நடந்தது அதுதான்: "ஏற்பாடு பண்ணிட்டு இருக்கோம்" என்பது "செய்து தரும்" ஆனது.

கூட்டத்தை மூடும் முன் கேள்விப் பெட்டியையும் சாட் உரையாடலையும் தனித்தனியாகச் சேமியுங்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மறப்பவர்கள்தான் அதிகம். கேள்விகளின் அறிக்கை கையில் இருந்தால் பதிலும் அதில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வாய்வழியாகச் சொன்ன பதிலுக்கு எதிரே அங்கே `live answered` என்பது போன்ற ஒரு குறிப்புதான் நிற்கும். பதில் ரெக்கார்டிங்கில்தான் இருக்கிறது. ஆகவே மறுபடி கேட்டே ஆக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. கேள்வி வாசிக்கப்பட்ட நேரத்தைக் கூட்டம் நடக்கும்போதே ஒருவர் குறித்துக்கொண்டே வந்தால், பிற்பாடு தேடும் வேலை பாதியாகக் குறையும்.

கடைசியாக ஒன்று. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிடுங்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "கணக்குப் பிரிவில் ஆறு மாதக் கர்ப்பிணியான நான் எப்படி வருவது?" என்ற கேள்வியில் பெயர் இல்லைதான், ஆனால் அந்தப் பிரிவில் இருப்பவர்களே ஐந்து பேர். பழைய குறிப்பில் அது அப்படியே அச்சாகி 600 பேருக்கும் போயிருந்தது. "கர்ப்பிணிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டா?" என்று மாற்றியிருந்தால் கேள்வியும் நின்றிருக்கும், அந்தப் பெண்ணும் யார் கண்ணிலும் படாமல் இருந்திருப்பார். திருத்திய பிரதியில் மாற்றிவிட்டேன். முதல் பிரதியை யாருடைய மின்னஞ்சலிலிருந்தும் இனித் திரும்ப எடுக்க முடியாது.