அது அழுக்கு இல்லை

அந்த மாதத்தில் அது மூன்றாவது கழுத்து.

எட்டு வயதுப் பையன், ஆட்டிசம். தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே நின்றான். பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்த ஒரு பட்டை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்த அம்மா அவசரமாகச் சொன்னார்: "டெய்லி பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்க்கிறேன் டாக்டரம்மா. போகவே மாட்டேங்குது."

அது அழுக்கு இல்லையம்மா. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் காட்டும் அடையாளம். பதினொரு மாதத்தில் 25 கிலோவிலிருந்து 37 கிலோ ஏறியிருக்கிறான். இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏறினால் சரி. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.8 சதவீதம். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது.

நடந்தது இதுதான். பள்ளியில் இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டான் என்று புகார். எங்கேயோ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் ரிஸ்பெரிடோன் எழுதப்பட்டிருக்கிறது. ஆத்திரத்தைக் குறைக்கும் மாத்திரை, பசியையும் எடையையும் ஏற்றும். எழுதும்போது எடை பார்த்ததாகச் சீட்டில் இல்லை. மறுபடி எப்போது வரவேண்டும் என்றும் இல்லை. அதே சீட்டைக் காட்டி மாதா மாதம் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். (பதினொரு மாதம் பழைய சீட்டுக்குக் குழந்தையின் மனநல மருந்தை எடுத்துக் கொடுப்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம், ரத்த அழுத்தம் எனக்கு ஏறும்.)

"கடிக்கிறது குறைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பகல்ல தூங்குறான். சாயங்காலம் ஆனா அதே கடிதான். காரணமே இல்லாம கடிக்கிறான் டாக்டரம்மா, இன்னா பண்றதுன்னே தெரியல."

இந்த "காரணமே இல்லாம" என்ற வார்த்தையைக் கேட்காத நாளே எனக்கு இல்லை. அம்மாக்கள் சொன்னால் வருத்தப்படுவேன். ஆசிரியர்களும் டாக்டர்களும் சொன்னால் எரிச்சல் வருகிறது. பேச்சு வராத ஒரு குழந்தைக்கு வயிறு வலித்தால் எப்படிச் சொல்வான்? பிடித்த பொருளைப் பிடுங்கினால் எப்படி மறுப்பான்? ஆடி மாதம் தெருவில் கட்டிய ஸ்பீக்கர் காதைக் கிழித்தால் எப்படி "போதும்" என்பான்? கையில் இருப்பது பல்லும் நகமும்தான், அதைப் பயன்படுத்துகிறான். கடித்ததும் கேட்டது கிடைத்தால், அல்லது பிடிக்காத வேலை நின்றுபோனால், அடுத்த முறையும் கடிப்பான். அது கெட்ட புத்தி இல்லை, செல்லம் கொடுத்துக் கெட்டதும் இல்லை. கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். காரணம் குழந்தையிடம் இருக்கிறது. நாம் பார்க்கவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லக் கூடாது. காரணத்தைத் தேடாமல் மாத்திரை கொடுத்தால் பையன் தூங்குவான், காரணம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால் நான் அன்றைக்கு மருந்தைத் தொடவில்லை. அப்படியே தொடரச் சொன்னேன். இதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டு, ஆத்திரம் இரண்டு மடங்காகத் திரும்பி வரலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள். நேரம் கட்டாயம். "கோபப்பட்டான்" என்று எழுதக் கூடாது. "வலது கையால் என்னை அடித்தான், தன் கையைக் கடித்தான்" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அம்மா எட்டாவது வரை படித்தவர். நான் பார்த்த நல்ல நோட்டுகளில் அதுவும் ஒன்று.

இரண்டு வாரத்தில் 19 சம்பவம். அதில் 11, மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள். அக்கா டியூஷன் முடிந்து வருவாள். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும். வீட்டில் இருப்பது ஒரே போன். தம்பி கையிலிருந்து அதை வாங்குவார்கள், அவன் கடிப்பான், ஆயா "பாவம், குடுத்துடுடீ" என்பார், போன் திரும்பிவரும். மூன்றாவது கட்டத்தில் பதினொரு முறையில் எட்டு முறை அம்மாவின் கையெழுத்தில் அதே வரி: "போன் குடுத்தேன்." எழுதி முடித்த பிறகு அவரே சொன்னார், "நான்தான் கத்துக்குடுத்திருக்கேன், இல்ல?"

மிச்சத்தில் ஐந்து, காலையில் பல் தேய்க்கும்போது. வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான் என்று குறிப்பு. வாயைத் திறந்து பார்க்க என் கிளினிக்கில் நாங்கள் மூன்று பேர் பட்ட பாடு தனிக்கதை. வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டு, சொத்தை வேர்வரை போயிருந்தது. பதினொரு மாதம் ஆத்திரத்துக்கு மாத்திரை தின்றிருக்கிறான், பல்வலியோடு. புதிதாக அடிக்க, கடிக்க ஆரம்பித்த எந்த ஆட்டிசக் குழந்தைக்கும் முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இந்த நான்கையும் பாருங்கள். தயவுசெய்து. பல் டாக்டரிடம் போய்வந்த அடுத்த வாரமே காலைச் சண்டை ஐந்திலிருந்து ஒன்றுக்கு வந்தது.

போன் விஷயத்துக்குத்தான் நேரம் பிடித்தது. எங்கள் சைக்காலஜிஸ்ட் ஒரு அட்டை செய்தார். சோப்பு டப்பா அட்டையில் அவர்கள் வீட்டுப் போனின் படம், பக்கத்தில் கூட்டல் குறி. பொருள்: "இன்னும் கொஞ்சம்." முதல் வாரம் போனைப் பிடுங்கும் பேச்சே இல்லை. அமைதியாக இருக்கும்போதே போனை ஒரு நொடி வாங்கி, அவன் கையைப் பிடித்து அட்டையை நீட்ட வைத்து, உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை. கடிப்பதைவிட அட்டை வேகமாக வேலை செய்கிறது என்று அவனுக்குப் புரிய வேண்டும். இரண்டாவது வாரம் சமையலறை டைமர் வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும்போது காட்டுவது. மணி அடித்ததும் அட்டையை நீட்டினால் இன்னும் ஒரு நிமிடம், ஒரே ஒரு தடவை. அப்புறம் போன் அக்காவிடம், அவன் கைக்கு வாளித் தண்ணீரும் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரும். தண்ணீர் ஊற்றி விளையாடுவது அவனுக்கு உயிர் என்பதும் நோட்டில் இருந்துதான் தெரிந்தது. கடித்தால் போன் வராது. திட்டும் கிடையாது, அடியும் கிடையாது. வராது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரத்தின் நான்காம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணினார். "நீங்க சொன்னதைச் செஞ்சு ஜாஸ்தியாயிடுச்சு டாக்டரம்மா. அக்கம்பக்கம் எல்லாம் வந்து நிக்குது." ஜாஸ்தியாகும் என்று முன்பே சொல்லியிருந்தேன், ஆனால் கேட்பதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இத்தனை நாள் வேலை செய்த வழி திடீரென்று அடைபட்டால் யாரும் முதலில் இன்னும் பலமாகத்தான் முட்டிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் விட்டுக்கொடுத்தால், "பலமாக முட்டினால் திறக்கும்" என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். பத்தில் ஒரு முறை கொடுப்பது பத்து முறையும் கொடுப்பதைவிட மோசம். இதை ஆயாவுக்குப் புரியவைக்க அவரையே நேரில் வரவழைத்தேன். காசிமேட்டில் முப்பது வருடம் மீன் விற்றவர். "ஒரு தடவ வெல கொறச்சா மறுநாளும் அதே வெலைக்குத்தான் கேப்பான்" என்று அவரே முடித்துவிட்டார். என் வேலை மிச்சம்.

எட்டாவது வாரம், வாரத்துக்கு இரண்டு சம்பவம். அதன் பிறகுதான் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம், ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வாரம் விட்டு, நோட்டைப் பார்த்துக்கொண்டே. முழுதாக நிறுத்த நான்கு மாதம் ஆனது. எடை ஏறுவது நின்றிருக்கிறது. கழுத்துக் கறுப்பு இன்னும் போகவில்லை, அதற்கு நாளாகும்.

பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது "சும்மா பேசுவது" என்று நினைக்கிற சக டாக்டர்களுக்கு ஒரு தகவல். 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, மூன்று முதல் ஏழு வயது வரை 180 குழந்தைகள், 24 வாரம். கையாளும் முறையைப் பெற்றோருக்குப் பழக்கிய வீடுகளில் எரிச்சல் அளவு சுமார் 48 சதவீதம் குறைந்தது. ஆட்டிசம் பற்றி விளக்கம் மட்டும் கொடுத்த வீடுகளில் 32.

இதற்காக நான் மருந்துக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதுகிறேன். திருவொற்றியூரிலிருந்து வரும் பன்னிரண்டு வயதுப் பெண், தலையைச் சுவரில் மோதி நெற்றியில் தையல் போட்டவள். வலி எதுவும் இல்லை என்று பார்த்தாயிற்று, நோட்டும் திட்டமும் நான்கு மாதம் ஒழுங்காக நடந்தது, போதவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் உண்மையாகவே உதவும். மருந்து ஆட்டிசத்துக்கு இல்லை, பேச்சு வராது. ஆத்திரத்தின் உயரத்தைக் குறைக்கும், நாம் கற்றுக்கொடுக்க இடம் கிடைக்கும்.

ஆனால் அவளுக்கு முதல் மாத்திரைக்கு முன்பே எடை, உயரம், இடுப்பளவு, நாடி, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எழுதி வைத்தேன். ரிஸ்பெரிடோன் என்பதால் அது கூட்டக்கூடிய புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவும். வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டேன். முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை. "எங்க வீட்டுல மெஷின் இல்லையே" என்றார் அப்பா. மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர் என்னிடம் தராசு இல்லை என்கிறார்! ஐஸ் பெட்டி நிறுக்கும் மேடையில் ஞாயிறு காலை ஏற்றி இறக்கி எண்ணை அனுப்புகிறார். பசி அதிகமாவது மருந்தால்தான். கேட்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் நோட்டோடு வரவேண்டும். ஆறு வாரத்தில் நோட்டில் தெளிவான மாற்றம் தெரியவில்லை என்றால் அந்த மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை. பன்னிரண்டாவது வாரம் ரத்தப் பரிசோதனை மறுபடி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டாக்டர்களே ஏமாறும் இடம் இது. மருந்து தொடங்கிய பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ குழந்தை உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், காலை மாற்றி மாற்றி வைத்தால், முன்னைவிட எரிச்சலாக இருந்தால், அது பழைய ஆத்திரம் என்று நினைத்து மருந்தைக் கூட்டாதீர்கள். மருந்தே தரும் தவிப்பாக இருக்கலாம். பேச்சு வராத குழந்தை "உள்ளே பரபரன்னு இருக்கு" என்று சொல்லாது. கூட்டினால் தவிப்பும் கூடும். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகி நின்றாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ எனக்குப் போன் பண்ணிக் காத்திருக்க வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

அந்தப் பெண்ணுக்கு வரும் புதன் பன்னிரண்டாவது வாரம். எடை 1.4 கிலோ கூடியிருக்கிறது, தலையை மோதுவது வாரத்துக்கு ஒன்பதிலிருந்து இரண்டு. வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அம்மா நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார், காபி மட்டும் கொடுக்கலாமா என்று. கூடாதம்மா, தண்ணீர் மட்டும்.