மரியாதைப் பன்மை: "நன்றி தாத்தா, நீங்க வா"

என் மகனுக்கு 12 வயது. டில்லி மயூர் விஹாரில் வளர்கிறவன். கும்பகோணத்திலிருந்து தாத்தா அவனுக்கு ஒரு வாட்ச் அனுப்பியிருந்தார். உடனே குரல் செய்தியில் நன்றி சொன்னான்: "தாத்தா, நீங்க அனுப்பின வாட்ச் வந்துடுச்சு. ரொம்ப நன்றி. லீவுக்கு நீங்க டில்லி வா."

அடுத்த நிமிடமே தாத்தா போனில் சிரித்தார். "ஆரம்பத்துல நீங்க, முடிவுல வாவா? பேரன் பாதி மரியாதைதான் தருவான் போல."

எங்கிருந்து பிடித்தான் என்று யோசித்தால் விடை தெருவிலேயே இருக்கிறது. டில்லி இந்தியில் 'நீங்க உட்காருங்க' என்று சொல்லும் 'ஆப் பைட்டியே' என்பதற்குப் பதில் 'ஆப் பைட்டோ' என்பது சகஜம். சொல்லில் 'ஆப்' என்ற மரியாதை, வினையில் நம் 'நீ' போன்ற 'தும்' அளவு நெருக்கம். அங்கே அது யார் காதையும் உறுத்தாது. தமிழில் அந்தக் கலவை செல்லாது. நீங்க என்று தொடங்கினால் வினையும் 'வாங்க' என்றுதான் முடிய வேண்டும்.

ஒருவரையே பலராக வைத்துப் பேசும் இந்த வழக்கத்தை மரியாதைப் பன்மை என்கிறோம். மரியாதை வடமொழி 'மர்யாதா'விலிருந்து வந்தது. அங்கே அதற்கு எல்லை, கரை, வரம்பு என்று பொருள். வரம்பு மீறாமல் நடப்பது என்பதிலிருந்து இன்றைய பொருளுக்கு வந்திருக்கிறது. தமிழில் உயர்வுப் பன்மை எனலாம். இன்னும் பழைய பெயர் வேண்டுமென்றால் தொல்காப்பியத்தில் 'உயர்சொற் கிளவி' இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண வழி அல்ல என்று அந்த நூற்பா சொல்கிறது. இலக்கணம் ஒருமைதான் கேட்கிறது, ஊர் பன்மையில் பேசுகிறது, சரி போகட்டும் என்று விட்டுவிட்ட தொனி! இதில் இன்னொரு வேடிக்கை. அதே நூலில் 'கள்' விகுதி அஃறிணைப் பன்மைக்கு உரியது. அதுதான் நீங்கள், வந்தீர்கள் என்று ஏறி, பேச்சில் தேய்ந்து '-ங்க' ஆகி, இன்று பெரியவர்களுக்கான மரியாதையைச் சுமக்கிறது.

இனி நன்றிக்கு வருவோம். 'நன்றி' பெயர்ச்சொல், அதற்கு விகுதி கிடையாது. குறளில் வரும் நன்றிகூட, ஒருவர் செய்த நன்மையைத்தான் குறிக்கிறது. அதனால் மரியாதை அந்தச் சொல்லில் இல்லை, பக்கத்தில் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். மகன் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அனுப்பின' என்பது பெயரெச்சம். தாத்தா அனுப்பினாலும் நண்பன் அனுப்பினாலும் அதே வடிவம்தான். 'வந்துடுச்சு' வாட்சுக்கு உரிய வினை. ஆக, மொத்தச் செய்தியிலும் தாத்தாவின் செயலைச் சொல்லும் முற்றுவினை 'வா' ஒன்றுதான், அதுவே ஒருமையில் விழுந்துவிட்டது. "வாட்ச் அனுப்பினீங்க, ரொம்ப நன்றி தாத்தா. லீவுக்கு வாங்க" என்றால் தீர்ந்தது. நீங்க என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை, விகுதி பார்த்துக்கொள்ளும்.

நண்பனிடம் இதுவே "வாட்ச் சூப்பர், தேங்க்ஸ்டா. லீவுக்கு வாடா" என்று ஆகும். அந்த 'டா' பழைய 'அடா'தான். நெருங்கிய நண்பனிடம் போய் "மிக்க நன்றி" என்று சொல்லிப் பாருங்கள், "ஏண்டா, கோபமா?" என்பான்.

முன்பின் தெரியாத பெரியவருக்கு 'நன்றிங்க' போதும். வினையே இல்லாத இடத்திலும் '-ங்க' ஒட்டும்: ஆமாங்க, சரிங்க. ஆனால் கொங்குப் பக்கத்தில் சின்னவர்களிடமும் 'ங்க' போட்டுப் பேசுவார்கள், அதை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். எழுத்தில் குழப்பம் வந்தால் 'அனுப்பியமைக்கு நன்றி' என்று தொழிற்பெயருக்குள் ஒளிந்துகொள்ளலாம். அது மேலதிகாரிக்கும் பொருந்தும், உடன் வேலை செய்பவருக்கும் பொருந்தும். வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் பாட்டி. திருத்தியதை மனசில் வைத்திருந்த மகன், அன்று மாலை பாட்டியிடம் "முறுக்கு அனுப்பினீங்க, நன்றி பாட்டி" என்றான். பிறந்ததிலிருந்து அவளை 'நீ' என்றே கூப்பிட்டவன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னடா, நான் என்ன வேத்து மனுஷியா?" என்று கேட்டாள் பாட்டி. "இல்ல பாட்டி, நீயும் தாத்தாகூட வா" என்றான்.