இன்டர்னல் 32 இருந்தும் அரியர் வருவது எப்படி? அண்ணா பல்கலைக்கழக மதிப்பெண் கணக்கு

ரிசல்ட் வரும் நாளில் எல்லா வருடமும் கேட்கும் கேள்வி இது: "மொத்தம் 50-க்கு மேலே வருதே, ஏன் U போட்டிருக்கு?" அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ரெகுலேஷன் 2021-ன் கீழ் படிப்பவர்களுக்கான கணக்கைச் சொல்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ வேறு ரெகுலேஷன் என்றாலோ விகிதம் மாறும், உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. லேபுக்கு அப்படியே தலைகீழ், இன்டர்னல் 60, தேர்வு 40. பாஸாக இரண்டு நிபந்தனைகள். மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். தியரியில் இரண்டு அசெஸ்மென்ட் நடக்கும், ஒவ்வொன்றிலும் அசைன்மென்ட் அல்லது செமினாருக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. முதலாவதில் 34-ம் 42-ம் சேர்த்து 76 வாங்குகிறார், இரண்டாவதில் 36-ம் 48-ம் சேர்த்து 84. ஆக 200-க்கு 160, அதை 40-க்கு மாற்றினால் 32. நல்ல இன்டர்னல்தான். செமஸ்டர் தாளில் 100-க்கு 43 வருகிறது, 60-க்கு மாற்றினால் 25.8. கூட்டினால் 57.8. ஆனாலும் ஃபெயில், ஏனென்றால் தாளில் 45-ஐத் தொடவில்லை. இன்னும் 2 மதிப்பெண் வாங்கியிருந்தால் 59-ஓடு பாஸாகியிருப்பார். இன்டர்னல் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த 45-ஐ அது ஈடுகட்டாது.

சரி, லேபுக்கு வருவோம். இங்கே இன்டர்னல் 60 என்பதில் பெரும்பகுதி வாராவாரம் எழுதும் அப்சர்வேஷன், ரெக்கார்டிலிருந்து வருகிறது: 75 அதற்கு, 25 மாடல் தேர்வுக்கு, 100-ஐ 60 ஆக்குவார்கள். அதே மாணவிக்கு 66-ம் 18-ம் சேர்த்து 84 என்றால் 50.4. தேர்வு அறைக்குள் போகும் முன்பே கையில் 50 இருக்கிறது! அதனால்தான் "லேப்ல யாரும் ஃபெயிலாக மாட்டாங்க" என்று சீனியர்கள் சொல்கிறார்கள், ஆனால் 45 சதவீத நிபந்தனை லேப் தேர்வுக்கும் உண்டு.

லேப் தேர்வில் இன்டர்னல் எக்ஸாமினர் ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் இருப்பார்கள். கேள்வித்தாளிலேயே மதிப்பெண் பிரிவு அச்சாகியிருக்கும். வழக்கமாகக் காணும் ஒரு பிரிவு இது: நோக்கமும் செய்முறையும் 20, அட்டவணை அல்லது சர்க்யூட் அல்லது புரோகிராம் 30, கணக்கீடும் முடிவும் 30, வைவா 10, ரெக்கார்ட் 10. நம் மாணவிக்கு அன்றைக்கு ரீடிங் சரியாக வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு 16, அட்டவணைக்கு 14, முடிவுக்கு 8. இதுவரை 38, இத்தோடு நின்றால் ஃபெயில். வைவாவில் 6, ரெக்கார்டுக்கு 9 கிடைக்கிறது, மொத்தம் 53. அதை 40-க்கு மாற்றினால் 21.2, இன்டர்னலோடு சேர்த்து 71.6. இறுதிக் கணக்கில் வைவாவின் எடை 100-க்கு 4 மட்டும்தான், ஆனால் எக்ஸ்பரிமென்ட் சொதப்பிய நாளில் 45-ஐத் தாண்டவைப்பது அதுவும் ரெக்கார்டும்தான். ரீடிங் வராவிட்டால் அப்படியே எழுந்து போய்விடாதீர்கள், செய்முறையை முழுசாக எழுதிவிட்டு, ஏன் வரவில்லை என்று எக்ஸாமினரிடம் சொல்லத் தெரிந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

இன்னொன்று, தியரித் தாளுக்கு ரீவேல்யூவேஷன் போடலாம், லேபுக்கும் பிராஜெக்ட் வைவாவுக்கும் கிடையாது. அங்கே அன்றைக்குப் போட்ட மதிப்பெண் போட்டதுதான்.

அரியர் வைத்தால் இன்டர்னல் புதிதாகக் கிடைக்காது, முதல் தடவை வாங்கியதே கூட வரும். தியரியில் இன்டர்னல் 14 மட்டும் உள்ளவர் மொத்தம் 50 ஆக்க, தேர்வில் 60-க்கு 36, அதாவது 100-க்கு 60 எடுத்தாக வேண்டும். இது கொடுமைதான். ஆனால் மூன்றாவது முயற்சியிலிருந்து ஒரு தளர்வு உண்டு, செமஸ்டர் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தாலே பாஸ், இன்டர்னலைப் பார்க்க மாட்டார்கள். இது தெரியாமலே பயந்துகொண்டு அரியரைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், பாஸான பிறகு மொத்தத்தை வைத்து O, A+, A, B+, B, C என்று கிரேடு வரும், அவற்றுக்கு 10-லிருந்து 5 வரை புள்ளிகள். அந்தப் புள்ளியை கிரெடிட்டால் பெருக்கித்தான் ஜிபிஏ. லேபுக்கு கிரெடிட் பொதுவாகத் தியரியைவிடக் குறைவு, அதனால் 3 கிரெடிட் தியரியில் ஒரு கிரேடு இறங்கினால் 2 கிரெடிட் லேபில் ஒரு கிரேடு ஏறினாலும் சரிக்கட்டாது.

இன்டர்னல் மதிப்பெண்ணை coe1.annauniv.edu தளத்தில் உங்கள் லாகினில் பார்க்கலாம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். அசெஸ்மென்ட் மதிப்பெண் ஏறியதும் உங்கள் டெஸ்ட் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தவறு இருந்தால் உடனே பாட ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் சொல்லுங்கள், செமஸ்டர் முடிந்து கணக்கை மூடிவிட்டால் திருத்த வைப்பது மிகவும் கஷ்டம்.