எடை தரையைத் தொட்ட பிறகு வண்டி என்ன செய்யும்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நியூட்டனின் முதல் விதியைக் கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஓடும் வண்டியை இழுக்கும் விசையைப் பாதி வழியில் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "நின்னுடும் சார்" என்பதுதான் அதிகம் வரும் பதில். விதி மனப்பாடமாக இருக்கிறது, நம்பிக்கை வேறாக இருக்கிறது. இந்த இடைவெளியை வெளியே கொண்டுவர நான் நம்புவது முன்கணித்தல், உற்றுநோக்கல், விளக்கல் என்ற முறையை. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் ஆகியோரின் எழுத்துகளால் பரவலான முறை இது.

தேவையானவை குறைவு. சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சுகள், மொத்தம் 500 கிராம் வரும்படி கல் வைத்த ஒரு சிறு வண்டி, பெஞ்சின் ஓரத்தில் ஒரு கப்பி, நூல், நூலின் நுனியில் 50 கிராம் எடை. வண்டி கப்பியிலிருந்து 120 செ.மீ. தள்ளி நிற்கட்டும். எடை தரைக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் தொங்கட்டும். வண்டி 40 செ.மீ. ஓடியதும் எடை தரையில் உட்கார்ந்துவிடும், நூல் தொய்ந்துவிடும். மீதி 80 செ.மீ. தூரத்துக்கு வண்டியை முன்னால் இழுக்க ஆளில்லை. கப்பிக்கு முன்னால் ஒரு துணி மூட்டை வைத்துவிடுங்கள். நூலைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்திக் கட்டுவதும் முக்கியம். தொய்ந்த நூல் சக்கரத்தில் சிக்கினால் வண்டி வெட்டி நிற்கும், பாடம் அத்தோடு போச்சு.

வண்டியை விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் பேனாவால் எழுத வேண்டும்: எடை தரையைத் தொட்டதும் வண்டி உடனே நிற்குமா, மெல்ல மெல்லக் குறையுமா, அதே வேகத்தில் போகுமா, இன்னும் வேகமெடுக்குமா? கூடவே காரணமும் வேண்டும். காரணம் இல்லாத கணிப்பு பூவா தலையா போட்டதற்குச் சமம். இந்த நேரத்தில் ஆசிரியர் முகத்தைக்கூட மாற்றக் கூடாது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றிவிடுவார்கள்.

சரி, வண்டியை விட்டாயிற்று. இங்கேதான் பலர் அவசரப்பட்டு விளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், பார்த்ததை அவரவர் தனியாக எழுதட்டும். வேகம் குறையும் என்று கணித்தவர் குறைந்ததைப் பார்த்ததாகவே எழுதுவார், மாறாது என்றவர் மாறாததைப் பார்த்ததாக எழுதுவார். ஓடியது ஒரே வண்டிதான். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் கைபேசியில் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். முதல் 40 செ.மீ. ஓட்டத்தில் வேகம் சுழியிலிருந்து சீராக ஏறுகிறது, எனவே சராசரி வேகம் கடைசி வேகத்தில் பாதி. அந்தக் கடைசி வேகம் அப்படியே நீடித்தால், அடுத்த 80 செ.மீ. தூரத்தையும் அதே நேரத்தில் கடக்க வேண்டும். நம் அளவுகளுக்கு, உராய்வு இல்லையென்றால் முடுக்கம் 0.89 மீ/வி², இரண்டு பகுதிக்கும் ஏறத்தாழ 0.95 வினாடி. நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் கைபேசியில் 28 சட்டகங்கள்.

உண்மையில் முதல் முறை இப்படி வராது. உராய்வால் இரண்டாம் பகுதிக்கு நேரம் கூடும். "பாத்தீங்களா சார், குறையுதுல்ல!" என்று ஒரு கூட்டம் எழும். அவர்கள் பார்த்தது சரி, அதை மறுத்துப் பேசாதீர்கள். அடுத்த சுற்றை அங்கிருந்தே தொடங்கலாம். கடைசி 80 செ.மீ. தூரத்தில் ஒரு துணியை விரித்தால் என்ன ஆகும்? மீண்டும் கணிப்பு, மீண்டும் ஓட்டம். துணியில் வண்டி சட்டென்று தளரும். அப்புறம் துணியை எடுத்துவிட்டு, சக்கர அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். இழுக்கும் எடை இல்லாதது மூன்று ஓட்டத்துக்கும் பொது. மாறியது உராய்வு மட்டும். அப்படியானால் வேகத்தைக் குறைப்பது எது என்று வகுப்பே சொல்லிவிடும்.

உராய்வை ஈடுகட்ட, கப்பிக்கு எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுக் காலின் அடியில் நோட்டுகளை வைத்துத் தூக்கும் வழியும் உண்டு. அதை நான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலிலேயே செய்தால் "சரிவுல இருக்கு, அதான் ஓடுது" என்பார்கள். அது நியாயமான சந்தேகம். எடையைக் கழற்றிவிட்டு, லேசாகத் தட்டினால் வேகம் ஏறாமல் குறையாமல் வண்டி ஓடும் அளவுக்கு மட்டுமே தூக்கியிருக்கிறோம் என்று காட்டினால்தான் அது தீரும்.

விளக்கும் கட்டத்தில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள்: நூல் தொய்ந்த பின் வண்டிமீது செயல்படும் விசைகள் எல்லாம் அம்புக்குறிகளாக. சரியாகக் கணித்தவர்களிலும் பலர் முன்னோக்கி ஓர் அம்பு போடுவார்கள். "அது வண்டியோட ஓட்ட விசை" என்பார்கள். விடை சரி, எண்ணம் பழையது. அதைத் தவறு என்று சொல்லி அழிக்க வேண்டாம். ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் அந்த விசையைத் தருவது எந்தப் பொருள் என்று எழுதச் சொன்னால் போதும். கீழ்நோக்கிய அம்புக்குப் பூமி, மேல்நோக்கியதற்குப் பெஞ்சு, பின்னோக்கியதற்குச் சக்கரத்தோடு உரசும் பெஞ்சுப் பலகை. முன்னோக்கிய அம்புக்கு எழுத ஒரு பொருளும் கிடைக்காது. பெரும்பாலும் அவர்களே ரப்பரை எடுப்பார்கள்.