லாட்டரிப் பந்துகள் ஒழுங்காகத்தான் விழுகின்றனவா?

2020 டிசம்பர் 1 அன்று தென்னாப்பிரிக்கப் பவர்பால் குலுக்கலில் 5, 6, 7, 8, 9 விழுந்தன. பவர்பாலாக வந்தது 10. அந்த எண்களைக் கட்டியிருந்த 20 பேர் ஆளுக்குச் சுமார் 57 லட்சம் ரேண்ட் வாங்கிப் போனார்கள். இதில் ஏதோ தில்லுமுல்லு என்று நாடே பேசியது. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பல வருட முடிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டால் உண்மை தெரிந்துவிடாதா?"

தெரியும், ஆனால் ஓரளவுக்குத்தான். முதலில் அந்த ஒரு நாளை ஒதுக்கிவைப்போம். அன்றைய விதிப்படி 50 பந்துகளில் 5, தனியாக 20 பந்துகளில் 1. மொத்தம் 4,23,75,200 சேர்க்கைகள். 5-6-7-8-9-10 அவற்றில் ஒன்று, மற்ற எதற்கும் உள்ள அதே வாய்ப்புதான் அதற்கும். ஒரு குலுக்கலை மட்டும் வைத்து இயந்திரத்தின் மேல் குற்றம் சாட்ட முடியாது. இருபது பேர் ஜெயித்ததும், வரிசை எண்களை விரும்பிக் கட்டுகிறவர்கள் நிறைய என்பதைத்தான் காட்டுகிறது.

பல வருட முடிவுகளுக்கு ஏற்றது கை-வர்க்கச் சோதனை, அதாவது வர வேண்டிய எண்ணிக்கையிலிருந்து வந்த எண்ணிக்கை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கும் கணக்கு. 1,000 குலுக்கல் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு என்றால் ஏறக்குறைய பத்து வருடம். விழுந்த பந்துகள் 5,000, ஆகவே ஒவ்வொரு எண்ணும் 100 முறை வந்திருக்க வேண்டும். உண்மையில் வந்த எண்ணிக்கைக்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, 100-ஆல் வகுத்து, 50 எண்களுக்கும் கூட்டினால் அதுதான் கை-வர்க்க மதிப்பு. 50 வகைகள் இருந்தால் இதன் சராசரி 49 என்றும், 66.3-ஐத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்றும் பாடப்புத்தக அட்டவணை சொல்லும்.

அந்த அட்டவணையை இங்கே அப்படியே போடக்கூடாது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒவ்வொரு பந்தையும் எடுத்தபின் திரும்பப் போட்டு அடுத்ததை எடுப்பதாகப் பாருங்கள். அப்போது 5,000 தனித்தனி எடுப்புகள். ஓர் எண்ணின் வித்தியாச வர்க்கம் சராசரியாக 5,000 × 1/50 × 49/50, அதாவது 98. நூறால் வகுத்தால் 0.98. ஐம்பது எண்களுக்கும் சேர்த்தால் சரியாக 49, அட்டவணை சொல்வதும் அதுவே. ஆனால் லாட்டரியில் எடுத்த பந்து திரும்பப் போவதில்லை. ஒரு குலுக்கலில் 17 வந்துவிட்டால் அன்றைக்கு மறுபடி வராது. ஆகவே ஓர் எண்ணுக்கு 1,000 வாய்ப்புகள், ஒவ்வொன்றிலும் வருவது 1/10, வராதது 9/10. வித்தியாச வர்க்கம் சராசரியாக 90-தான். நூறால் வகுத்தால் 0.9. ஐம்பதுக்கும் சேர்த்தால் 45. முழுக்க நேர்மையான லாட்டரியிலும் ஏற்ற இறக்கம் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

திருத்துவது சுலபம்: கிடைத்த மதிப்பை 49/45-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 62 வந்தது என்றால், திருத்தாமல் பார்த்தால் 66.3-க்குக் கீழே, பிரச்சினை இல்லை. திருத்தினால் 67.5, கோட்டைத் தாண்டிவிட்டது! அதற்காகப் போலீசுக்குப் போக வேண்டாம். நேர்மையான லாட்டரிகளிலும் இருபதில் ஒன்று இப்படித் தாண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற கோடு 74.9-இல் இருக்கிறது, அதையும் மீறினால் தோண்டிப் பார்க்கலாம்.

மதிப்பு தாறுமாறாக 140-க்கு மேல் போனால் முதலில் உங்கள் தரவைச் சந்தேகியுங்கள். பவர்பாலில் முன்பு 45 பந்துகள்தான். இரண்டு காலத்தையும் பாதிப்பாதியாகக் கலந்தால் 46 முதல் 50 வரையிலான எண்கள் 50 முறைதான் வந்திருக்கும், அந்த ஐந்து மட்டுமே 125-ஐக் கூட்டிவிடும். விதி மாறிய நாளில் தரவை இரண்டாக வெட்ட வேண்டும்.

கனவில் வந்ததை எண்ணாக மாற்றிக் கட்டும் பழக்கம் டர்பன் பக்கம் இன்னும் இருக்கிறது. "அடிக்கடி வரும் எண்" பட்டியலையும் அதே நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். 1,000 குலுக்கலில் ஐம்பது எண்களில் இரண்டு மூன்று 81-க்குக் கீழோ 119-க்கு மேலோ போவது தற்செயலாகவே நடக்கும். அதில் ராசி எதுவும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சோதனைக்கும் எல்லை உண்டு. ஒரே ஒரு பந்து கோளாறாகி 100-க்குப் பதில் 120 முறை வருகிறது என்றால், திருத்திய மதிப்பு சராசரியாக 49-இலிருந்து 53 சொச்சத்துக்குத்தான் ஏறும். பத்து வருடத் தரவும் அதைப் பிடிக்காது. ஒரே நாளில் நடக்கும் மோசடி இன்னும் தப்பிவிடும். 1980-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று இலக்க லாட்டரி ஒன்றில் 4, 6 தவிர மற்றப் பந்துகளின் எடையைக் கூட்டி 666 விழவைத்தார்கள். அது வெளியே வந்தது எண்ணிக்கைக் கணக்கால் அல்ல, சந்தேகப்படும்படி குவிந்த பந்தயங்களால்.

மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பந்துத் தொகுப்புகளில் ஏதோ ஒன்றில் மட்டும் கோளாறு இருக்கலாம், எல்லாவற்றையும் கலந்து கூட்டினால் அது கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முடிவோடும் எந்த இயந்திரம், எந்தத் தொகுப்பு என்பதையும் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இருந்தால் தொகுப்புவாரியாக இதே கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.