அமிக்டலாவில் மிஞ்சிய 11 வாக்ஸல்கள்

மூளைப் படிம ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. சென்ற ஆண்டு ஓர் ஆய்வு மாணவி தன் கட்டுரை வரைவோடு வந்தார். அச்ச உணர்வு காட்டும் முகங்களைப் பார்க்கும்போது 24 பேரின் மூளையில் என்ன நடக்கிறது என்பது ஆய்வு. உணர்ச்சிகளோடு, குறிப்பாக அச்சத்தோடு, தொடர்புபடுத்தப்படும் சிறு மூளைப் பகுதி அமிக்டலா. "வலது அமிக்டலா தூண்டப்படுகிறது" என்பது அவர் முடிவு. படத்தில் இன்சுலா என்ற இன்னொரு பகுதியிலிருந்து அமிக்டலா வரை ஒரே சிவப்புத் திட்டு பரவியிருந்தது. படிமத்தின் மிகச் சிறிய கனசதுரத் துண்டுதான் வாக்ஸல். எண்ணிப் பார்த்தால் 1,840 வாக்ஸல்கள். அவர் வைத்திருந்த 2 மில்லிமீட்டர் அளவில் அமிக்டலா முழுவதுமே ஏறத்தாழ 200 வாக்ஸல்கள்தான்.

பல சோதனைகளை ஒரே நேரத்தில் செய்வதற்கான திருத்தத்தை அவர் செய்யாமல் விட்டவர் அல்ல. ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரு பி மதிப்பு, அதாவது p, வரும்: விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வலுவான வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு அது. மூளை முழுவதும் 1,60,000 வாக்ஸல்கள் இருக்கும்போது, எந்த விளைவும் இல்லாவிட்டாலும் p < 0.001 என்ற வாசலை 160 வாக்ஸல்கள் தற்செயலாகவே தாண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கொத்து அளவு முறையைப் பயன்படுத்தியிருந்தார். முதலில் ஒரு வாசல் வைத்து வாக்ஸல்களைப் பொறுக்க வேண்டும். ஒட்டி நிற்பவற்றைக் கொத்தாக்க வேண்டும். தற்செயலாக உருவாகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் அடங்கும் அளவுக்குப் பெரிய கொத்தை மட்டும் ஏற்க வேண்டும். அவர் வைத்த முதல் வாசல் p < 0.01.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, இந்த முறை உறுதி கூறுவது கொத்தைப் பற்றி மட்டுமே. 1,840 வாக்ஸல்களுக்குள் எங்கோ ஓரிடத்திலாவது உண்மையான விளைவு இருக்கிறது என்று அது சொல்கிறது. எந்த இடத்தில் என்று சொல்வதில்லை. உச்சப் புள்ளி இன்சுலாவில் இருந்தது. அமிக்டலா அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது, தளர்ந்த வாசலில் அந்த 5 சதவீத உறுதியே நிற்பதில்லை. 2016-இல் எக்லண்ட், நிக்கோல்ஸ், நட்சன் மூவரும் 499 நலமான மனிதர்கள் ஓய்வில் இருந்தபோது எடுத்த படிமங்களைத் தற்செயலாகக் குழு பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு இருக்கவே முடியாத ஒப்பீடு. 100-க்கு 5 முறைதான் பிழை வர வேண்டும். SPM, FSL, AFNI மென்பொருள்களின் கொத்து முறையில் அது சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. p < 0.01 வாசலில் நிலைமை மோசம், 0.001-இல் பெருமளவு பரவாயில்லை. அக்கம்பக்க வாக்ஸல்களின் ஒற்றுமை, தூரம் கூடக் கூட மென்பொருள் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பது முக்கியக் காரணம். தரவையே கலைத்துப் போட்டு எல்லையைக் கணக்கிடும் வரிசைமாற்றச் சோதனை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது.

வாசலை 0.001-க்கு இறுக்கினோம். திட்டு மூன்றாக உடைந்தது. இன்சுலா நின்றது; அமிக்டலாவில் 9 வாக்ஸல்களே எஞ்சின. கொத்தாக ஏற்க அது போதவில்லை.

"எஃப்.டி.ஆர். போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தும் அந்த முறையை 1995-இல் பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் தந்தார்கள். பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்கி, ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண் × 0.05 ÷ மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். அந்த எல்லைக்குள் அடங்கும் கடைசி வரிசை வரை எல்லாவற்றையும் ஏற்கலாம். எங்கள் படத்தில் 4,000-ஆவது வரை தேறியது: 4000 × 0.05 ÷ 160000 = 0.00125. அமிக்டலாவில் 11 வாக்ஸல்கள் ஒளிர்ந்தன. அவர் முகமும் மலர்ந்தது.

ஆனால் அந்த 4,000-இல் பெரும்பகுதி பார்வைப் புறணி. முகம் பார்த்தால் அது ஒளிரத்தான் செய்யும். எஃப்.டி.ஆர். தரும் வாக்குறுதி, பட்டியலில் சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் பொய் இராது என்பதே. 4,000-இல் அது 200 வரை போகலாம். பார்வைப் புறணி பெரிதாக ஒளிர்ந்ததால் வாசலும் தளர்ந்தது. அதன் பலனை மூளையின் மறுகோடியில் இருக்கும் சிறு புள்ளிகள் அனுபவிக்கின்றன. அந்த 11-ம் 200-க்குள் அடங்கிவிடலாம். பட்டியலுக்குக் கிடைத்த உறுதியை அதன் ஒரு மூலைக்கு மாற்றி எழுத முடியாது.

பிறகு அறநெறிக் குழுவுக்கு அவர் கொடுத்திருந்த பழைய ஆய்வுத் திட்டத்தை எடுக்கச் சொன்னேன். படிமம் எடுப்பதற்கு முன்பே வலது அமிக்டலாவைப் பெயர் குறித்துக் கேள்வியாக எழுதியிருந்தார். அப்படியானால் அந்த 200 வாக்ஸல்களுக்குள் மட்டும் கணக்குப் போடலாம். 11-ஆவது வரிசைக்கு எல்லை 11 × 0.05 ÷ 200 = 0.00275. அவருடைய பதினொன்றும் 0.00125-க்கு உள்ளேயே இருந்தன. தேறிவிட்டது. இங்கே பார்வைப் புறணியின் தயவு இல்லை. அமிக்டலாவில் விளைவே இல்லையென்றால் ஒன்றாவது தவறாகத் தேறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் அடங்கும். படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பகுதியைத் தேர்ந்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கட்டுரையில் அந்த வரியை அவர் இப்படி மாற்றினார்: "மூளை முழுவதுக்குமான ஆய்வில் இன்சுலாவை உள்ளடக்கிய கொத்து தேறியது; முன்கூட்டியே குறித்த வலது அமிக்டலாவில், அப்பகுதிக்குள் மட்டும் எஃப்.டி.ஆர். திருத்தம் செய்தபோது 11 வாக்ஸல்கள் தேறின."