அபராத வட்டியா, தண்டனை வட்டியா?

மருத்துவமனையில் படுத்திருந்ததால் தவணை தவறியவர்கள் வங்கிக்கு எழுதும் கடிதங்களில் 'தண்டனை வட்டியை மன்னிக்கவும்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. யாரோ ஓர் ஆங்கில மாதிரிக் கடிதத்தை அகராதியைப் பார்த்துப் பெயர்த்துவிட்டார்கள், மற்றவர்கள் அதையே நகலெடுக்கிறார்கள்.

சரியான சொல் அபராத வட்டி. அபராதம் வடமொழியில் குற்றம். தமிழில் அது குற்றத்துக்காகக் கட்டும் பணமாகிவிட்டது. அபராத வட்டி என்பது பொதுவாகக் கட்டத் தவறிய தொகையின் மேல், தவறிய நாட்களுக்கு, வழக்கமான வட்டி போகக் கூடுதலாக ஏறுவது. இந்தியாவில் 2024 முதல் வங்கிகள் இதை வட்டியாக ஏற்றாமல் அபராதக் கட்டணமாகவே போட வேண்டும்.

தண்டனை அப்படியல்ல. அது ஆளுக்குக் கிடைப்பது, பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்தச் சொல்லைப் போட்டதுமே நோயாளி குற்றவாளியாகி நிற்கிறார், அப்புறம் 'மன்னிக்கவும்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மன்னிப்பு மனிதருக்கு, தொகைக்கு வேண்டியது தள்ளுபடி. 'தண்ட வட்டி' என்றால் பரவாயில்லை, தண்டத்துக்கு அபராதம் என்ற பொருள் பழையதுதான், ஆனால் பேச்சில் அது வீண் என்றாகிவிட்டது. தனித்தமிழ் அன்பர்கள் 'ஒறுப்பு வட்டி' என்கிறார்கள். ஒறுத்தல் குறளிலேயே உள்ள சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் கடிதத்தைப் படிக்கும் அலுவலர் அந்த இடத்தில் நின்று யோசித்தால் நட்டம் எழுதியவருக்குத்தான்.

இதைவிட மோசம் மொட்டையாக 'வட்டியைத் தள்ளுபடி செய்யவும்' என்று எழுதுவது. எந்த வட்டி? கடனுக்கான வழக்கமான வட்டியையே கேட்பதாகப் படித்தால் கடிதம் அப்படியே நிராகரிக்கப்படலாம். 'கடன் தள்ளுபடி' என்று எழுதினால் கடனையே கட்ட முடியாதவர் என்று பொருளாகிவிடும்.

2024க்கு முந்தைய ஒரு கணக்கு பார்ப்போம். தவணை 10,000, கெடு 5ஆம் தேதி. 3ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தவர் 21ஆம் தேதி வீடு திரும்பி 24ஆம் தேதி கட்டுகிறார். தாமதம் 19 நாள். தாமதக் கட்டணம் ஒரே தடவை 500. அபராத வட்டி ஆண்டுக்கு 24 விழுக்காடு என்றால் 19 நாளுக்குச் சுமார் 125. கேட்க வேண்டியது இந்த இரண்டை மட்டும்தான், அதையும் தனித்தனியாக. வீடு திரும்பிய பின் போன மூன்று நாளையும் மறைக்கக் கூடாது, ஏனென்றால் இணைக்கும் மருத்துவமனைச் சான்றிலேயே தேதி இருக்கும்.

ஆகவே இப்படி எழுதலாம், வங்கி அபராதக் கட்டணம் என்று போட்டிருந்தால் அபராத வட்டிக்குப் பதில் அந்தப் பெயரையே எழுத வேண்டும்: '3 முதல் 21ஆம் தேதி வரை உள்நோயாளியாக இருந்ததால் 5ஆம் தேதித் தவணையை 24ஆம் தேதி செலுத்தினேன். இடையில் மூன்று நாள் வீட்டில் ஓய்வில் இருந்தேன். இத்தவணைக்கு விதித்த தாமதக் கட்டணம் 500, அபராத வட்டி 125 ஆகியவற்றைத் தள்ளுபடி செய்யக் கோருகிறேன். வழக்கமான வட்டியில் மாற்றம் கேட்கவில்லை.'